கலையும் ஒரு பொய்யும்

ஒரு குழந்தையிடம் பொய் சொல்லி, அதை அழ வைத்து, அந்த அழுகையைப் படம் பிடிப்பது நியாயமா? இந்தக் கேள்வியை யாராவது இரண்டு வருஷங்களுக்கு முன்னால் என்னிடம் கேட்டிருந்தால், "படம் நன்றாக வந்ததா?" என்று நான் திருப்பிக் கேட்டிருப்பேன். கலைஞனிடம் கேட்கத் தகுந்த கேள்வி அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஏன் என்று விளக்க வேண்டுமானால், ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு சாலைத் திருப்பத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்தக் காரியத்தில் முதல் குற்றவாளி நானேதான். ஆகையால் பிறரைக் குறை சொல்கிறேன் என்று யாரும் வருத்தப்படத் தேவையில்லை.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போகும் சாலையை வாசகர்களில் பலர் அறிந்திருப்பார்கள். ராமாநுஜர் பிறந்த ஊர் என்று ஒரு காலத்தில் பெயர் பெற்றிருந்த பிரதேசம் அது. இன்று கார், லாரி, மோட்டார் சைக்கிள், கைப்பேசி எல்லாம் அங்கே பிறக்கின்றன. அந்தச் சாலையில் காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் கம்பெனி பஸ்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஏரிக்கரை ஓரத்துக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. எட்டு மணி நேரம் கழித்துக் கொண்டுவந்து இறக்கிவிடுகின்றன. அந்தப் பஸ்ஸை எதிர்பார்த்துச் சாலையோரத்தில் நிற்கிற குழந்தைகள் அங்கே ஊருக்கு ஊர் உண்டு.

அந்தக் குழந்தைகளில் ஒருவனைப் பற்றிப் பத்து நிமிஷத்தில் ஒரு குறும்படம் எடுக்க வேண்டும் என்று ஒரு வாலிபர் ஆசைப்பட்டார். அவர் அந்தப் பக்கத்து ஆலை ஒன்றில் வேலை பார்ப்பவர். நண்பர்கள் நாலு பேர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, காமிரா ஒன்றை வாடகைக்கு எடுத்து, வாரவிடுமுறை நாட்களில் எடுப்பதாகத் திட்டம். என் நாவல் ஒன்றைப் படித்திருந்தார் என்ற ஒரே தகுதிக்காக என்னை வசனம் எழுதித் தரச் சொன்னார். கூட வந்து இருக்கவும் சொன்னார். போனேன்.

கதை மிகவும் எளியது. ஒன்பது வயதுப் பையன் ஒருவன் தினமும் சாலைத் திருப்பத்தில் வந்து நிற்கிறான். கம்பெனி பஸ் வருகிறது; அம்மா இறங்குகிறாள். ஒரு நாள் அவளை இரண்டாவது ஷிப்டுக்கும் நிறுத்திக்கொண்டுவிடுகிறார்கள். பஸ் வருகிறது, எல்லோரும் இறங்குகிறார்கள், அவள் இறங்கவில்லை. கதவு மூடிக்கொள்கிறது. பஸ் போய்விடுகிறது. பையன் நிற்கிறான். அவன் முகத்தில் தெரிகிற அந்த ஒரு நிமிஷம்தான் படம். மற்றதெல்லாம் அதற்கு முன்னுரையும் பின்னுரையும்.

அந்தக் கிராமத்துப் பையனையே தேர்ந்தெடுத்தார்கள். அவனுடைய அம்மாவும் உண்மையிலேயே ஆலையில் ஒப்பந்த வேலை பார்ப்பவள்தான். கதையில் அம்மாவாக நடிப்பதற்கு மட்டும் வேறொரு பெண் வந்தாள், அவளும் தொழிலாளிதான். நடிப்பு என்பதே தெரியாதவர்கள் நடித்தால் இயற்கையாக இருக்கும் என்பது எங்கள் நம்பிக்கை.

முதல் நாளே அந்த நம்பிக்கை தகர்ந்தது. இதில் பலர் ஏமாந்துபோகிறார்கள் என்பதால் சற்று விவரமாகச் சொல்கிறேன். நடிக்கத் தெரியாத குழந்தை என்று ஒன்று இன்றைக்குக் கிடையாது. பிறந்ததிலிருந்து தொலைக்காட்சியும் கைப்பேசியும் பார்த்து வளர்கிற குழந்தைக்கு நடிப்பு என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். கெட்ட நடிப்பு தெரியும். "பஸ் போயிடுச்சு, அம்மா வரலை, சோகமா நில்லு" என்று டைரக்டர் சொன்னதும் பையன் தலையைத் தொங்கப்போட்டான், கீழுதட்டைக் கடித்துக்கொண்டான், ஒரு பெருமூச்சு விட்டான். பிறகு, சரியாகச் செய்தேனா என்று காமிராவைப் பார்த்தான். 'சோகம்' என்று சொன்னோம், அவனும் தான் பார்த்து வைத்திருந்த சோகத்தை எடுத்துக் கொடுத்தான். தப்பு அவனுடையதல்ல. உணர்ச்சியின் பெயரைச் சொல்லிக் கேட்டால், உணர்ச்சி வராது; அதன் படம்தான் வரும். பெரியவர்களுக்கும் இது பொருந்தும்.

இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று ஏழு தடவை எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் "ரெடி, ஆக்‌ஷன்" என்று உரத்த குரலில் ஒரு கூச்சல். அந்தக் கூச்சலைக் கேட்டதும் பையனின் தோள் இரண்டும் மேலே ஏறி விறைத்துக்கொண்டன. ஏழாவது தடவை முதல் தடவையைவிட மோசமாக இருந்தது. பகல் ஒரு மணி ஆயிற்று, சாப்பிட உட்கார்ந்தோம்.

அங்கேதான் நான் என் படிப்பைக் காட்டினேன். இத்தாலிய டைரக்டர் டி சிகா 1948-ல் எடுத்த 'சைக்கிள் திருடர்கள்' படத்தைப் பற்றி ஒரு கதை நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அதில் மகனாக வருகிற சிறுவன் என்ஸோ ஸ்டயோலாவை அழ வைக்க வேண்டியிருந்ததாம். டைரக்டர் அவன் பைக்குள் யாரும் அறியாமல் சிகரெட் துண்டுகளைப் போட்டுவிட்டு, "நீ சிகரெட் பொறுக்குகிறவனா?" என்று எல்லோர் முன்னிலையிலும் குற்றம் சாட்டினாராம். அவமானத்தில் பையன் அழுதானாம். உலகமே கொண்டாடுகிற அந்தக் காட்சி கிடைத்ததாம். கதை எவ்வளவு தூரம் நிஜமோ, எனக்குக் கவலையில்லை, சுவையாகச் சொன்னேன். இலையின் முன்னால் உட்கார்ந்து எல்லோரும் ரசித்தார்கள்.

கை கழுவிவிட்டு வந்த டைரக்டரின் நண்பர் ஒருவர், காமிராவை ஓடவிடும்படி ஜாடை காட்டிவிட்டு, பையனிடம் நேரே போனார். "டேய், உங்க அம்மா வர்ற பஸ்ஸு கவுந்துடுச்சாம்டா" என்றார்.

பையன் அழுதான். நாற்பது விநாடி அந்த அழுகை காமிராவில் பதிவாயிற்று. பிறகு டைரக்டர் ஓடிப் போய் அவனைக் கட்டிக்கொண்டு, "பொய்டா, சும்மா சொன்னாருடா, படத்துக்காக" என்றார்.

பையன் நம்பவில்லை.

"பொய்னா அம்மாக்குப் போன் போட்டுக் குடுங்க" என்றான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அவனுடைய அம்மா அதிகப்படி வேலைக்குப் போயிருந்தாள். வேலை செய்கிற இடத்துக்குள் கைப்பேசி கொண்டுபோக அனுமதியில்லை. வாசலிலேயே பூட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தோம். அவன் எங்கள் முகத்தைப் பார்த்தான். ஷிப்டு இரண்டரை மணிக்கு முடியும். பஸ் அந்தத் திருப்பத்துக்கு வர மூன்றரை ஆகும். ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்ட பொய்யைத் திரும்ப எடுத்துக்கொள்ள எங்களுக்கு இரண்டரை மணி நேரம் தேவைப்பட்டது. முதலில் பொய் சொன்னவர்கள், பின்னால் 'அது பொய்' என்று சொன்னால், அதை மட்டும் அவன் எதற்காக நம்ப வேண்டும்? அவனுடைய பாட்டி வந்து மடியில் உட்கார்த்திக்கொண்டாள். அவன் எழுந்து சாலைத் திருப்பத்துக்குப் போய்விட்டான்.

அங்கே அவன் நின்றதை நான் மறக்க மாட்டேன். அழவில்லை. கட்டைவிரலால் மண்ணில் ஒரு கோடு போட்டான், அழித்தான், மறுபடி போட்டான். தூரத்தில் ஒரு பஸ் தலை தெரிந்தால் கோட்டை விட்டுவிட்டுப் பார்ப்பான். வேறு கம்பெனி பஸ் என்று தெரிந்ததும் மீண்டும் கோடு. முகத்தில் ஒன்றுமே இல்லை. கண்ணில் மட்டும் எண்ணிக்கை. காலையிலிருந்து நாங்கள் எதைத் தேடிக்கொண்டிருந்தோமோ அது எங்கள் எதிரே முழுசாக நின்றது. காமிராக்காரரின் கை ஒரு தரம் பெட்டியின்மேல் போயிற்று. பிறகு அவரே கையை எடுத்துவிட்டார். அன்று நாங்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

மூன்றரைக்குப் பஸ் வந்தது. அம்மா இறங்கினாள். அவன் ஓடிப் போய் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டான். அப்போதுதான் மறுபடி அழுதான். விஷயம் தெரிந்ததும் அவள் சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்து, வயதில் மூத்தவன் என்பதால் என்னிடம்தான், "படத்துக்கு அழ வெக்கிறதுக்கு என் உசுருதான் கெடைச்சுதா, ஐயா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. வசனம் எழுதப் போனவனுக்கு ஒரு வாக்கியம் கூட வரவில்லை.

அன்று இரவு எடுத்ததைப் போட்டுப் பார்த்தோம். நாற்பது விநாடியில் நாலு விநாடி கூட உபயோகமில்லை. பையன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொள்கிறான். மூடிய கையை எடுக்கும்போது, சாலையைப் பார்க்காமல், பொய் சொன்ன மனிதரைப் பார்க்கிறான். பிறகு பாட்டியிடம் ஓடுகிறான். காமிரா அவனைத் தொடர முடியாமல் தடுமாறுகிறது. இவையெல்லாம் சில்லறைக் குறைகள். பெரிய குறை வேறு. அந்த அழுகை பயம். கதையில் வேண்டியிருந்ததோ, எதிர்பார்த்து வராமல்போன ஏமாற்றம். அம்மா செத்துப்போனாள் என்று நினைக்கிற குழந்தையின் முகமும், அம்மா இன்றைக்கு வர நேரமாகும் என்று அறிகிற குழந்தையின் முகமும் ஒன்றல்ல. நாங்கள் ஓர் உணர்ச்சியைத் திருடப் போய், வேறு ஏதோ ஒன்றைத் திருடிக்கொண்டு வந்திருந்தோம்.

இந்த இடத்தில் ஒரு வாசகர் என்னைக் கேட்கலாம்: 'உங்கள் திருட்டு பலிக்கவில்லை, அதனால் தர்மம் பேசுகிறீர்கள். பலித்திருந்தால்?' நியாயமான கேள்வி. இத்தாலியில் அது பலித்தது என்றுதானே கதை. காரியம் பலித்ததா இல்லையா என்பதைக் கொண்டு நியாயத்தை நிறுக்க முடியாது என்று நான் ஒப்புக்கொள்கிறேன். ஆகவே, அந்த நாற்பது விநாடியும் அற்புதமாகவே வந்திருந்தது என்று வைத்துக்கொண்டே யோசிக்கிறேன்.

அப்படி யோசித்தபோது எனக்கு வேறொரு டைரக்டர் நினைவுக்கு வந்தார். சத்யஜித் ரே 1952-ல் 'பதேர் பாஞ்சாலி'க்காக முதன்முதல் படமெடுக்கப் போனது, வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்த ஒரு நாணல் காட்டுக்கு. அப்புவாக நடித்த சிறுவன் சுபீர் பானர்ஜிக்கும் அதற்கு முன் நடித்துப் பழக்கமில்லை. அக்காவைத் தேடிக்கொண்டு, நின்று நின்று, சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு அவன் நடந்து வர வேண்டும். சொன்னபடி நடந்தான், மரப்பாச்சி மாதிரி நடந்தான். ரே என்ன செய்தார் என்பதை அவரே எழுதியிருக்கிறார். பையன் நடக்கிற வழியில் ஆங்காங்கே சிறு சிறு தடைகளைப் போட்டு வைத்தார், அவற்றைத் தாண்டும்போது நடை தானாகத் தயங்கும் என்று. நாணலுக்குள் இரண்டு பக்கமும் ஆட்களை ஒளித்து வைத்து, இன்ன இன்ன சமயத்தில் அவனைக் கூப்பிடச் சொன்னார், தலை தானாகத் திரும்பும் என்று. 1955-ல் வெளிவந்த படத்தில் அந்தச் சிறுவன் தேடுகிறான், தேடுகிறவனாகவே தெரிகிறான்.

ரே செய்ததும் ஒரு தந்திரம்தான். ஒளிந்திருந்து கூப்பிடுவது ஏமாற்று வேலைதான். ஆயினும் அதைக் கேட்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. சிகரெட் துண்டுக் கதையைக் கேட்கும்போது, சிரித்தாலும் தொண்டையில் ஏதோ சிக்குகிறது. ஏன்? ஒன்று பெரிய பொய், மற்றது சிறிய பொய் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. வித்தியாசம் அளவில் இல்லை. ரேயின் தந்திரம் அந்தச் சிறுவனின் காலையும் காதையும் தொட்டது. மற்றது சிறுவனின் மானத்தைத் தொட்டது. எங்களுடையது அவன் தாயைத் தொட்டது. ஒரு குழந்தை எதன்மேல் நின்றுகொண்டிருக்கிறதோ அந்தத் தரையை நாங்கள் ஆட்டினோம்.

பின்னால் அந்த வாலிபரும் நானும் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தோம். இப்படிப் பதினான்கு வயது நிரம்பாத குழந்தைகளைப் படங்களில் நடிக்க வைப்பதற்கு 2017-ல் மத்திய அரசு விதிகள் வகுத்திருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வு இல்லாமல் மூன்று மணிக்கு மேல் கூடாது. மாவட்டத்தின் கலெக்டரிடம் முன்னதாக அனுமதி பெற வேண்டும். வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்காவது குழந்தையின் பெயரில் வங்கியில் போட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, குழந்தையின் விருப்பத்துக்கும் சம்மதத்துக்கும் விரோதமாக அதை ஈடுபடுத்தக் கூடாது. முதல் நாள் இவற்றில் ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும், நேரத்தை எண்ணலாம், பணத்தை எண்ணலாம்; சம்மதத்தை எப்படி எண்ணுவது? சிரித்துக்கொண்டே காலையில் வந்து நின்ற பையன், பிற்பகல் ஒரு மணிக்கு நடந்ததற்குச் சம்மதித்தவனா? அவன் நடிக்கச் சம்மதித்தான். அழ வைக்கப்படுவதற்குச் சம்மதிக்கவில்லை.

படத்தை விட்டுவிடுவது என்று டைரக்டர் தீர்மானித்தார். அதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்க அவர்கள் வீட்டுக்குப் போனோம். நண்பரும் வந்தார். பையன் அவரைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டான். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவள் கேட்டுவிட்டு, "அவனையே கேளுங்க" என்றாள். இரண்டு மூன்று வாரம் கழித்து, அவனே டைரக்டரிடம், "படம் அவ்ளோதானாண்ணா?" என்று கேட்டானாம். மறுபடியும் ஆரம்பித்தோம், இந்தத் தடவை காஞ்சிபுரத்துக்கு எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு.

முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் படமே எடுக்கவில்லை. காமிராவை எடுத்துக்கொண்டு போய்த் திருப்பத்தில் ஒரு டீக்கடையின் ஓரத்தில் நிறுத்தி வைத்தோம், அவ்வளவுதான். பையன் வந்து அதன் கண்ணாடி வழியே பார்த்தான். நண்பர்களைக் கூட்டி வந்து காட்டினான். பிறகு அலுத்துப்போய் விளையாடப் போய்விட்டான். அந்த அலுப்பு எங்களுக்குத் தேவை. காமிரா ஓர் அதிசயமாக இருக்கிறவரை குழந்தை அதைப் பார்க்கும். கடையில் கிடக்கிற பெஞ்சு மாதிரி அது ஆகிவிட்டால் பார்க்காது. காமிராவையும் அவனிடமிருந்து முப்பது நாற்பது அடி தள்ளி வைத்து, தூரத்தைக் கிட்டத்தில் காட்டுகிற லென்ஸைப் பொருத்தினார்கள். "ஆக்‌ஷன்" என்ற கூச்சல் நின்றது. பேசிக்கொண்டிருக்கும்போதே காமிரா ஓட ஆரம்பித்துவிடும். எந்தக் காட்சி என்று அடையாளத்துக்குத் தட்டுகிற பலகையைக் கடைசியில் தட்டினார்கள். ஒத்திகை என்று தனியாக ஒன்றில்லை, ஒத்திகையையே எடுத்தார்கள். குழந்தை ஒன்றை முதல் முறை செய்கிறபோதுதான் அது நிஜமாகச் செய்கிறது. நாலாவது முறை தன்னையே பார்த்துக் காப்பியடிக்கிறது. அதனால், முகம் கிட்டத்தில் தெரிகிற காட்சியை முதலில் எடுத்துவிட்டு, தூரக் காட்சிகளை அலுப்பு வந்தபின் எடுப்பது என்று வைத்துக்கொண்டார்கள்.

அம்மாவாக நடித்த பெண்ணிடம் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. வீடு திரும்பியதும் அவள் மகனிடம் பேசுவதற்கு நான் மூன்று வரி வசனம் எழுதியிருந்தேன். உருக்கமான வசனம்; எனக்குப் பிடித்திருந்தது. அவள் அதைப் பள்ளிக்கூடப் பாட்டு மாதிரி ஒப்பித்தாள். டைரக்டர் காகிதத்தை வாங்கி மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, "அக்கா, நீங்க வீட்டுக்கு வந்ததும் என்ன செய்வீங்களோ அதைச் செய்யுங்க" என்றார். அவள் கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள், குடத்தைச் சாய்த்து முகம் கழுவினாள், கழுவிக்கொண்டே, திரும்பிப் பாராமல், "துன்னியா?" என்றாள். என் மூன்று வரியும் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தன. கைக்கு வேலை கொடுத்தால் குரல் தன் சொந்தக் குரலாகிவிடுகிறது. அந்தச் சாலையில் லாரிச் சத்தத்துக்கு நடுவே எதையும் ஒலிப்பதிவு செய்வது கஷ்டம்தான். பின்னால் ஸ்டூடியோவில் வேறு யாரையாவது பேச வைத்துச் சேர்த்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். டைரக்டர் மறுத்துவிட்டார். காட்சி முடிந்த அந்த நிமிஷமே சுவரோரமாக நிற்க வைத்து, அதே சொற்களை அவர்களே இன்னொரு முறை சொல்லச் சொல்லி, குரலை மட்டும் தனியே எடுத்துக்கொண்டார். சற்று நேரம் போய்விட்டால் அந்தக் குரல் திரும்ப வராது.

கடைசியில் அந்தத் திருப்பத்துக் காட்சி மிஞ்சியது. பையனிடம் கதை முழுவதையும் சொன்னோம். இன்றைக்கு அம்மா இறங்க மாட்டாள் என்பதையும் சொன்னோம். எதையும் ஒளிக்கவில்லை, ஒன்றே ஒன்றைத் தவிர. டைரக்டர் அவனிடம், "சோகமா நிக்க வேணாம். உனக்கு ஒரு வேலை. பஸ்ஸுலேருந்து பன்னெண்டு பேரு இறங்குவாங்க. யாரும் விட்டுப்போகாம எண்ணணும். வாய்விட்டு எண்ணாதே, மனசுலயே எண்ணு. அப்புறம் எனக்கு வந்து சொல்லணும்" என்றார். "போதும்னு தோணுச்சுன்னா கையைத் தூக்கு, நிறுத்திடறோம்" என்றும் சொன்னார். வாடகைக்கு எடுத்த பஸ்ஸில் பதினோரு பேரைத்தான் ஏற்றியிருந்தோம்.

மாலை ஐந்து மணி வெயில். பஸ் வந்து நின்றது. ஒருவர் ஒருவராக இறங்கினார்கள். பையனின் கண் ஒவ்வொருவர்மேலும் பட்டுப் பட்டு விலகியது; உதடு லேசாக அசைந்தது. பதினொன்றாவது பெண் இறங்கி நடந்தாள். அவன் கண் வாசற்படியில் நின்றது. யாரும் வரவில்லை. கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தான். கதவு மூடிற்று. ஓர் அடி முன்னால் வைத்தான். பஸ் நகர்ந்தது. ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே தலை திரும்பியது. பஸ் போன பிறகும் அது போன திசையையே பார்த்துக்கொண்டு, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றான். வர வேண்டிய ஒருவர் வரவில்லை என்பதைத் தவிர அந்த முகத்தில் வேறொன்றும் இல்லை. இரண்டாவது தடவை எடுக்கவில்லை.

அவன் ஓடி வந்தான். "அண்ணா, பதினொண்ணுதான்!" என்றான். டைரக்டர் உண்மையைச் சொன்னார். பையன் ஒரு கணம் விழித்தான், பிறகு, "நான் கரெக்டாத்தான் எண்ணேன், நீங்கதான் ராங்கு!" என்று கை தட்டிச் சிரித்தான். பெட்டிகளைச் சுமந்துகொண்டு ஒதுங்கியே நின்ற அந்தப் பழைய நண்பரிடமும் ஓடிப் போய், "உங்க கணக்கு தப்பு" என்றான். முதல் நாளுக்குப் பிறகு அவரிடம் அவன் பேசியது அப்போதுதான்.

இதுவும் பொய்தானே என்றால், ஆம், பொய்தான். பதினொன்றைப் பன்னிரண்டு என்றோம். ஆனால் கண்ணாமூச்சி ஆட்டத்தில் ஒளிந்துகொள்கிறவன் செய்வதைவிட அதிகமாக நாங்கள் செய்யவில்லை. அவன் ஒப்புக்கொண்டு வந்த ஆட்டத்துக்குள்ளேயே அந்தப் பொய் இருந்தது. ஆட்டத்தைத் தாண்டி அவன் வாழ்க்கைக்குள் கால் வைக்கவில்லை. காட்சி முடிந்த அந்தக் கணமே அதை அவிழ்க்க முடிந்தது. அவிழ்த்தபோது வெற்றி பெற்றவன் அவன், அசடானவர்கள் நாங்கள். குழந்தையிடம் ஒரு தந்திரம் செய்யலாமா கூடாதா என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால், ஒரே ஒரு சோதனை சொல்வேன்: காட்சி முடிந்ததும், அந்தக் குழந்தையின் தாய் பக்கத்தில் நிற்க, நீங்கள் செய்ததை அதனிடமே சொல்ல முடியுமா? சொன்னால் அது சிரிக்குமா? முடியாது என்று தோன்றினால், காட்சி எவ்வளவு அற்புதமாக வந்தாலும் அது களவுப் பொருள்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. எண்ணுவதைக் கொண்டு ஏமாற்றத்தைக் காட்டலாம், தேடுவதைக் காட்டலாம், காத்திருப்பதைக் காட்டலாம். தாய் இறந்த குழந்தையின் துக்கத்தை எந்த எண்ணிக்கையைக் கொண்டும் வரவழைக்க முடியாது. அங்கே டைரக்டர் காமிராவைக் குழந்தையின் முதுகுப் பக்கம் கொண்டுபோக வேண்டும். அல்லது கதையை மாற்ற வேண்டும். ஒரு குழந்தையால் விளையாட்டாகக் கொடுக்க முடியாத ஒன்றை அதனிடம் கேட்கிற கதையில்தான் குறையிருக்கிறது. மதுரைப் பக்கத்து வறண்ட நிலத்தில் வினோத்ராஜ் எடுத்த 'கூழாங்கல்' படம் 2021-ல் ராட்டர்டாமில் பரிசு பெற்றது. அதில் அந்தச் சிறுவனின் தாகத்தைக் காட்ட, அவன் ஒரு கூழாங்கல்லை எடுத்து வாய்க்குள் போட்டுக்கொள்கிறான், அவ்வளவுதான். அவன் முகத்தைச் சுளித்துக் காட்டியிருந்தால் நாம் நம்பியிருக்க மாட்டோம்.

படம் முடிந்தால் எல்லாம் முடிந்துவிடுவதுமில்லை. 'சைக்கிள் திருடர்'களில் தகப்பனாக நடித்த லம்பெர்ட்டோ மஜ்ஜொரானி ஓர் ஆலைத் தொழிலாளி. படம் உலகமெல்லாம் ஓடிற்று; அவர் ஆலைக்குத் திரும்பினார்; சில காலத்தில் வேலை போயிற்று. சினிமாவில் நிறையச் சம்பாதித்துவிட்டான், இவனுக்கு வேலை எதற்கு என்று நினைத்தார்களாம். சினிமாவிலும் அவருக்குச் சிறு வேஷங்களுக்கு மேல் கிடைக்கவில்லை. அவருடைய முகத்தின் உண்மையை எடுத்துக்கொண்டவர்களுக்கு அந்த முகத்தின் பிற்கால வயிற்றைப் பற்றிய பொறுப்பு உண்டா? எனக்கு முடிவாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் எங்கள் படத்தில் பையனின் பெயரிலும் அந்தப் பெண்ணின் பெயரிலும் என்ன போடுவது என்பதை, படம் ஆரம்பிக்கும் முன்பே எழுதி வைத்தோம். சொற்பத் தொகைதான்.

நானும் எழுத்தாளன். என் நாவல்களில் அழுகிறவர்கள் எல்லோரும் எங்கேயோ உண்மையில் அழுதவர்கள்தான். அவர்களில் யாரையும் நான் அழ வைக்கவில்லை என்று இத்தனை நாளும் எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்தேன். அழுதவர்கள் பக்கத்தில் நின்று, எழுதிக்கொள்ள என்ன கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேனே, அது? பெட்டியின்மேலிருந்து அந்தக் காமிராக்காரர் கையை எடுத்தது போல் நான் எத்தனை தடவை என் கையை எடுத்திருக்கிறேன்? இந்தக் கணக்கு எனக்குச் சரியாக வரவில்லை.

படத்தை அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடச் சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் போட்டுக் காட்டினார்கள். பஸ் காட்சி வந்தது. கடைசிப் பெண் இறங்கிப் போனாள், கதவு மூடிற்று. பெண்கள் பக்கத்தில் யாரோ "த்சொ" என்றார்கள். முன்வரிசையில் மண்ணில் உட்கார்ந்திருந்த பையன் மட்டும் எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "பதினொண்ணு!" என்று கத்தினான். அவனுடைய அம்மா அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.